வேலை மாறும்போது பிஎஃப்: எடுக்கறதா, மாத்தறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருஷத்துக்கு மேல கம்பெனிகள்ல சம்பளக் கணக்கு பாக்கற வேலைல இருக்கேன். யாராவது ரிலீவ் ஆகி போறப்ப கடைசி நாள் என் டேபிளுக்கு வந்து கேக்கறது பெரும்பாலும் இதே கேள்விகள்தான், அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

வேலையை விட்டுட்டேன், என் பிஎஃப் பணம் இப்ப எங்க இருக்கும்? கம்பெனிகிட்டயா?

இல்லைங்க, கம்பெனிகிட்ட இல்ல. மாசா மாசம் பிடிச்சதை அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள பிஎஃப் ஆபீசுக்கு கட்டிடணும், அதனால கட்டின பணம் அங்க உங்க பேர்ல இருக்கு. பெரிய கம்பெனிகள் சிலது சொந்தமா டிரஸ்ட் வெச்சு நடத்தும், அங்க மட்டும் பணம் டிரஸ்ட்கிட்ட இருக்கும்.

இங்க ரெண்டு நம்பரை குழப்பிக்காதீங்க. யூஏஎன் 12 இலக்கம், உங்களுக்கு ஆயுசுக்கும் ஒண்ணுதான். மெம்பர் ஐடி ஒவ்வொரு கம்பெனிக்கும் புதுசா வரும். யூஏஎன் ஒரு வீடுன்னா மெம்பர் ஐடி அதுக்குள்ள இருக்கற ரூம் மாதிரி. புது கம்பெனில சேர்ந்ததும் புது ரூம் திறந்துடுவாங்க, ஆனா பழைய ரூம்ல இருக்கற பணம் தானா எந்திரிச்சு வராது, யாராவது தூக்கிட்டு வரணும். "யூஏஎன் ஒண்ணுதானே சார், எல்லாம் சேர்ந்துதானே இருக்கும்"னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, அது தப்பு.

மாத்தாம அப்படியே விட்டா வட்டி நின்னுடுமாமே?

நிக்காது. மூணு வருஷம் பணம் போடலைன்னா வட்டி நின்னுடும்னு ஒரு பழைய பேச்சு இன்னும் ஓடிட்டு இருக்கு. முப்பது வயசுல வேலையை விட்டவருக்கு 58 வயசு வரைக்கும் வட்டி ஏறும். 2023-24க்கும் 2024-25க்கும் வட்டி 8.25 சதவீதம்.

ஆனா ஒரு விஷயம், வேலையை விட்ட தேதிக்கப்புறம் அந்த கணக்குல ஏறற வட்டிக்கு வரி உண்டு. வேலைல இருக்கறப்ப ஏறற வட்டிக்கு கிடைக்கற விலக்கு அதுக்கு கிடையாது. அதனால வட்டி நிக்கலைன்னாலும் பழைய கணக்கை அப்படியே கிடப்புல போடறது நல்ல யோசனை இல்ல.

இப்ப எடுத்துட்டா என்ன நஷ்டம்? என் பணம்தானே?

உங்க பணம்தான். ஆனா எடுக்கறப்ப பணத்தோட சேர்ந்து உங்க சர்வீஸும் போகுது, அதைத்தான் யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல. பிஎஃப்ல ரெண்டு கடிகாரம் ஓடிட்டு இருக்கு. ஒண்ணு அஞ்சு வருஷ கடிகாரம், வரிக்கு. இன்னொண்ணு பத்து வருஷ கடிகாரம், பென்ஷனுக்கு. மாத்தினா ரெண்டும் விட்ட இடத்துலருந்து தொடரும், முழுசா எடுத்துட்டா ரெண்டும் ஜீரோலருந்து ஆரம்பிக்கும்.

என் தங்கச்சி கணக்கையே சொல்றேன். கோயம்புத்தூர்ல முதல் வேலை, பேசிக் 15,000, சரியா மூணு வருஷம். அவ சம்பளத்துல 12 சதவீதம், அதாவது மாசம் 1,800 பிடிப்பாங்க. கம்பெனியும் 1,800 போடும், ஆனா அந்த 1,800 முழுசா பிஎஃப்க்கு போகாது, 1,250 பென்ஷன் பக்கம் போயிடும், மீதி 550தான் பிஎஃப்ல சேரும். ஆக மாசம் பிஎஃப்ல 2,350. மூணு வருஷத்துல போட்டது 84,600, 8.25ல வட்டி கிட்டத்தட்ட 10,600, மொத்தம் சுமாரா 95,200.

இதை அவ வேலை விட்டதும் எடுத்திருந்தா அஞ்சு வருஷம் ஆகலை, தொகையும் 50,000க்கு மேல, அதனால 10 சதவீதம், சுமாரா 9,500, டிடிஎஸ்னு பிடிச்சுட்டு 85,700 கைக்கு வந்திருக்கும். மாத்திட்டு தொடாம விட்டா, இதே வட்டி விகிதம் நிலைச்சுதுன்னு வெச்சுக்கிட்டா, அந்த 95,200 மட்டும் 25 வருஷத்துல 6.9 லட்சம் பக்கம் வரும். மேல ஒரு பைசா போடாமலே. எடுக்கறதுன்னா இப்ப ஒரு பைக் வாங்கலாம், அவ்வளவுதான். அவ பைக் வாங்கணும்னுதான் சொன்னா, நான்தான் விடலை.

அஞ்சு வருஷம்னா ஒரே கம்பெனில அஞ்சு வருஷமா?

இல்ல. மாத்திட்டா முந்தைய கம்பெனி சர்வீஸும் சேரும். தங்கச்சி முதல் கம்பெனில மூணு வருஷம், ரெண்டாவதுல ரெண்டரை வருஷம்னா மொத்தம் அஞ்சரை, அப்புறம் எடுத்தா வரி இல்ல. அதே ஆள் மாத்தாம ரெண்டையும் தனித்தனியா எடுத்தா ஒண்ணு மூணு வருஷம், இன்னொண்ணு ரெண்டரை வருஷம், ரெண்டுக்குமே வரி.

10 சதவீதம் பிடிச்சாச்சு, அதோட முடிஞ்சுதுன்னும் நினைக்காதீங்க. டிடிஎஸ் ஒரு முன்பணம் மாதிரிதான். கம்பெனி போட்ட பங்கும் அதோட வட்டியும் உங்க சம்பள வருமானத்தோட சேரும், உங்க பங்குக்கு வந்த வட்டி இதர வருமானத்துல வரும், உங்க பங்கை காட்டி அந்தந்த வருஷம் வரிக் கழிவு வாங்கியிருந்தா அதுவும் திரும்ப வந்து உக்காரும். 30 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு 10 பிடிச்சது போதாது, ரிட்டர்ன் போடறப்ப மீதியை கட்டணும். வருமானமே வரிக்கு கீழ இருக்கறவர் ரிட்டர்ன் போட்டு பிடிச்சதை திரும்ப வாங்கிக்கலாம். பான் இணைக்காம கிளைம் போட்டா 20 சதவீதம் பிடிப்பாங்க, அதனால அதை முதல்ல பாருங்க.

உடம்பு முடியாம வேலை போனாலோ கம்பெனியையே மூடிட்டாலோ அஞ்சு வருஷம் ஆகாட்டியும் வரி கிடையாது.

பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துக்கலாமா? பத்து வருஷம்லாம் யார் இருக்கா?

ஒரே இடத்துல யாரும் இல்லைதான், ஆனா எல்லாத்தையும் கூட்டினா பத்து வருஷம் சீக்கிரமே வந்துடும். மூணு, நாலு, மூணரைன்னு மூணு கம்பெனி மாறினாலே தாண்டிடுது. பத்து வருஷம் ஆகறதுக்கு முன்னாடின்னா 10சி ஃபார்ம் போட்டு பென்ஷன் பங்கை எடுக்கலாம், வருஷத்துக்கு சுமாரா ஒரு மாச சம்பளம் கணக்குல வரும். பத்து ஆயிடுச்சுன்னா மொத்தமா எடுக்கவே முடியாது, 58 வயசுல மாசப் பென்ஷன்தான்.

அது எவ்வளவு வரும்னு கேட்டா பெருசா ஒண்ணும் இல்லைங்க. பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70ஆல வகுக்கணும். சம்பள உச்சவரம்பு 15,000ன்னு எடுத்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு 1,50,000ஐ 70ஆல வகுத்தா மாசம் 2,140 பக்கம். இருபத்தஞ்சு வருஷம் இருந்தா கதை வேற. அதோட சர்வீஸ்ல இருக்கறப்ப ஏதாவது ஆயிட்டா மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பென்ஷன் இருக்கு, இதை முப்பது வயசுல யாரும் யோசிக்கறதில்ல.

பிஎஃப் பணம் அவசரமா வேணும், ஆனா சர்வீஸை இழக்க வேணாம்னா ஒரு நடு வழி இருக்கு. பிஎஃப்க்கு 19ஆம் நம்பர் ஃபார்ம் போட்டு எடுத்துக்கிட்டு, பென்ஷனுக்கு 10சில பணம் கேக்காம ஸ்கீம் சர்டிஃபிகேட் கேளுங்க. உங்க பென்ஷன் சர்வீஸ் அதுல பதிவாகி நிக்கும், அடுத்த கம்பெனில குடுத்தா தொடரும். என்கிட்ட வந்தவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு கூட இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

புது கம்பெனில சேர்ந்துட்டேன், இப்ப பழைய பிஎஃப்பை முழுசா எடுக்கலாமா?

விதிப்படி முடியாது. முழு செட்டில்மென்ட் வேலை இல்லாம இருக்கறவங்களுக்குத்தான். வேலையை விட்டப்புறம் அதுக்கு காத்திருக்க வேண்டிய காலம் ரொம்ப நாளா ரெண்டு மாசமா இருந்துச்சு. 2025 அக்டோபர் 13 அன்னைக்கு பிஎஃப்போட மத்திய அறங்காவலர் குழு கூடி அதை 12 மாசமாவும், பென்ஷன் பங்கு எடுக்கறதை 36 மாசமாவும் ஆக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. அதோட 25 சதவீதத்தை குறைந்தபட்ச இருப்பா கணக்குல விட்டுட்டு மீதி 75 சதவீதத்தை எடுத்துக்கலாம்ங்கறதும் அதே முடிவுல இருக்கு. அதனால வேலையை விட்டுட்டு "ரெண்டு மாசத்துல மொத்தமும் வந்துடும்"னு நம்பி யார்கிட்டயும் கடன் வாங்காதீங்க. கிளைம் போடற அன்னைக்கு போர்ட்டல்ல எந்த ஃபார்ம் திறக்குதோ அதை வெச்சு முடிவு பண்ணுங்க.

வேலைல இருந்துகிட்டே வைத்தியம், கல்யாணம், வீடு, படிப்புன்னு பணம் வேணும்னா 31ஆம் நம்பர் ஃபார்ம்ல அட்வான்ஸ் எடுக்கலாம். அதுக்கும் முதல்ல பழைய கணக்கை மாத்திட்டு வந்தா நல்லது, இருப்பும் கூடும், சர்வீஸும் கூடும்.

சரி மாத்தறேன், எப்படி பண்ணணும்? பழைய கம்பெனிக்கு போகணுமா?

பெரும்பாலும் போக வேணாம். 2025 ஜனவரிலருந்து நிறைய பேருக்கு கம்பெனி ஒப்புதலே இல்லாம மாத்தலாம். உங்க யூஏஎன் 2017 அக்டோபர் 1க்கு அப்புறம் வாங்கினதா இருந்து ஆதார் இணைச்சிருந்தா போதும். அதுக்கு முன்னாடி வாங்கினதுன்னா ஆதார் இணைச்சிருக்கறதோட, பழைய ஐடிலயும் புது ஐடிலயும் பேர், பிறந்த தேதி, பாலினம் மூணும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும்.

முதல்ல புது கம்பெனில சேரும்போது 11ஆம் நம்பர் டிக்ளரேஷன் ஃபார்ம் குடுப்பாங்க, அதுல பழைய யூஏஎன்னை கட்டாயம் எழுதுங்க. "முன்னாடி பிஎஃப் இருந்துச்சா"ன்னு இருக்கற இடத்துல அவசரத்துல இல்லைன்னு டிக் போட்டுட்டு போனவங்களுக்குத்தான் ரெண்டு யூஏஎன் வந்து நிக்குது. இன்னொரு சிக்கலும் இருக்கு. 15,000க்கு மேல பேசிக் வாங்கறவர் ஏற்கனவே பென்ஷன்ல இருக்கார்னு தெரியலைன்னா புது ஆள்னு நினைச்சு பென்ஷனுக்கு பணமே போட மாட்டாங்க, பத்து வருஷ கடிகாரம் அங்கயே நின்னுடும்.

புது கம்பெனிலருந்து முதல் மாசப் பணம் ஏறினதும் சிலருக்கு தானாவே டிரான்ஸ்ஃபர் ஆரம்பிச்சுடும், மெசேஜ் வரும். வரலைன்னா unifiedportal-mem.epfindia.gov.in போய் யூஏஎன் போட்டு லாகின் பண்ணி, View கீழ Service History முதல்ல பாருங்க. ரெண்டு கம்பெனியும் தெரியணும், பழைய கம்பெனிக்கு வெளியேறின தேதி இருக்கணும். அப்புறம் Online Services கீழ One Member - One EPF Account. உங்க விவரமும் இப்போதைய கணக்கும் மேல வரும், பழைய கணக்கை எடுத்து தேர்வு பண்ணுங்க, கம்பெனி ஒப்புதல் கேட்டா பழையதா புதுசான்னு ஒண்ணை தேர்வு பண்ணணும், எந்த எச்ஆர் ஃபோன் எடுப்பாரோ அந்த கம்பெனியை போடுங்க. ஓடிபி போட்டு சமர்ப்பிச்சா ஒரு நம்பர் வரும், குறிச்சு வெச்சுக்கோங்க. Track Claim Status ல அதோட நிலைமை தெரியும்.

பழைய கம்பெனி வெளியேறின தேதியே போடலை, கேட்டா இழுத்தடிக்கறாங்க?

மாத்த வர்றவங்க மாட்டிக்கறதுல முக்கால்வாசி இங்கதான். Service History ல அந்த இடம் காலியா இருக்கும், இல்ல NOT AVAILABLE னு இருக்கும். அது இல்லாம டிரான்ஸ்ஃபரும் நடக்காது, எடுக்கவும் முடியாது.

கெஞ்ச வேணாம், நீங்களே போடலாம். கடைசியா பணம் ஏறி ரெண்டு மாசம் ஆன பிறகு Manage கீழ Mark Exit போய், கம்பெனியை தேர்வு பண்ணி, தேதியும் காரணமும் குடுத்து ஆதார் ஓடிபி போட்டா முடிஞ்சுது. கடைசியா பணம் கட்டின மாசத்துக்குள்ள வர்ற தேதியைத்தான் போடணும், அதனால கைல ரிலீவிங் லெட்டரை வெச்சுக்கிட்டு போடுங்க. ஒரு தடவை போட்டா திருத்தறது லேசு இல்ல.

எனக்கே ஆச்சு இது. நான் முதல்ல இருந்த கம்பெனில மார்ச் 31 கடைசி நாள். அவங்க சிஸ்டம்ல ஏப்ரல் 30னு போட்டுட்டாங்க. நான் ஏப்ரல் 3 அன்னைக்கே அடுத்த இடத்துல சேர்ந்துட்டேன். ரெண்டு சர்வீஸும் 28 நாள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, டிரான்ஸ்ஃபர் ரிஜெக்ட். சம்பளக் கணக்கு பாக்கற எனக்கே இந்த கதி. ரிலீவிங் லெட்டர் காப்பி வெச்சு, நானும் கம்பெனியும் சேர்ந்து குடுக்கற ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டு தேதியை சரி பண்ண நாலு மாசம் ஆச்சு. இப்ப 2025 மே மாசம் பிஎஃப் ஆபீஸே, தேதி ஏறி நிக்குதுங்கற ஒரே காரணத்துக்காக டிரான்ஸ்ஃபரை தள்ளக்கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டிருக்கு. அப்பவும் கடைசி நாள் எச்ஆர் டேபிள்ல நின்னு "என்ன தேதி போடப்போறீங்க"ன்னு கேட்டுட்டு வாங்க, அஞ்சு நிமிஷ வேலை.

டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, ஆனா பாஸ்புக்ல பென்ஷன் கட்டத்துல ஜீரோன்னு காட்டுது, பென்ஷன் பக்கம் போன என் 45,000 எங்க போச்சு?

எங்கயும் போகலை. வாரத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டு பதறி ஃபோன் பண்றாங்க. பிஎஃப்ல உங்க பங்கும் கம்பெனி பங்கும்தான் பணமா நகரும். பென்ஷன் பங்கு எல்லாரோட பணமும் சேர்ந்த பொதுத் தொட்டில இருக்கு, அங்க உங்க பேர்ல தனி இருப்புன்னு கிடையாது. நகர்றது சர்வீஸ் மட்டும்தான், அதனால புது பாஸ்புக்ல அந்த கட்டத்துல ஜீரோன்னு காட்டறது சரிதான்.

நீங்க சரி பாக்க வேண்டியது வேற. passbook.epfindia.gov.in ல பழைய ஐடி பாஸ்புக்கை திறந்தா கடைசில டிரான்ஸ்ஃபர் ஆனதா ஒரு வரி வந்து இருப்பு கழிஞ்சிருக்கணும், புது ஐடில அதே தொகை உங்க பங்கு, கம்பெனி பங்குன்னு ரெண்டு கட்டத்துலயும் பிரிஞ்சு ஏறியிருக்கணும். ஒரு பங்கு மட்டும் வந்து இன்னொண்ணு வரலைன்னா உடனே புகார் போடுங்க. பழைய பாஸ்புக்கை டிரான்ஸ்ஃபர் போடறதுக்கு முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டா ஒப்பிட வசதி.

பாஸ்புக் சைட் திறக்கலைன்னா (அது அடிக்கடி திறக்காது), பதிவு பண்ணின மொபைல்லருந்து 7738299899க்கு இப்படி எஸ்எம்எஸ் அனுப்புங்க, தமிழ்லயே பதில் வரும்:

```
EPFOHO UAN TAM
```

எனக்கு ரெண்டு யூஏஎன் இருக்கு, என்ன பண்றது?

இப்ப வேலை செய்யற கம்பெனில ஓடறதை வெச்சுக்கிட்டு, பழைய யூஏஎன்ல இருக்கறதை இதுக்கு மாத்துங்க, மேல சொன்ன அதே வழிதான், பழைய மெம்பர் ஐடியை குடுக்கணும். ரெண்டுலயும் ஒரே ஆதார் இருந்தா சுலபம். பழசுல ஆதாரே இல்ல, பேர்ல இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறியிருக்குன்னா (நம்ம ஊர்ல இது சர்வ சாதாரணம், ஒண்ணுல எஸ். முருகன்னும் இன்னொண்ணுல முருகன் எஸ்னும் இருக்கும்) முதல்ல பேரை ஆதார்ல இருக்கற மாதிரியே திருத்திட்டு அப்புறம் டிரான்ஸ்ஃபர் போடுங்க. திருத்தாம போட்டா ரிஜெக்ட் ஆகி மறுபடி முதல்லருந்து வரணும்.

பழைய கம்பெனி டிரஸ்ட் வெச்சிருக்கு, அதுக்கும் இதே வழியா?

விண்ணப்பம் அதே வழிதான், ஆனா பணத்தை அனுப்ப வேண்டியது டிரஸ்ட். அவங்க பணத்தையும், அனெக்ஷர் கேன்னு ஒரு விவரத் தாளையும் பிஎஃப் ஆபீசுக்கு அனுப்பணும். பணம் வந்து தாள் வரலைன்னா உங்க சர்வீஸ் கணக்கு ஏறாது, அதனால டிரஸ்ட்கிட்ட அந்த தாளோட காப்பியை நீங்களும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

துபாய்க்கு வேலைக்கு போறேன், இனிமே இங்க பிஎஃப்பே இருக்காது, அப்பவும் எடுக்கக்கூடாதா?

இது வேற கேஸ். மாத்தறதுக்கு அடுத்த கணக்கே இல்ல, அதனால எடுக்கறதுல தப்பு சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு வருஷத்துல திரும்பி வந்து இங்கயே வேலை பாக்கற எண்ணம் இருந்தா பிஎஃப்பை விட்டுட்டு போங்க, வட்டி ஏறும். இல்லைன்னா பிஎஃப் எடுத்துட்டு பென்ஷனுக்கு ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிடுங்க.

எதுவா இருந்தாலும் ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடி ஆதார்ல இருக்கற மொபைல் நம்பரை உயிரோட வெச்சுக்கோங்க. கிளைம் போடறதுக்கான ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். ரீசார்ஜ் பண்ணாம சிம் செத்துப்போய், அங்கிருந்து கிளைம் போட முடியாம, லீவுக்கு ஊருக்கு வந்து ஆதார் சென்டர் வாசல்ல நிக்கறவங்களை பாத்திருக்கேன். நம்பரை வீட்டுல அம்மா ஃபோன்ல போட்டுட்டு, மாசம் ஒரு சின்ன ரீசார்ஜ் பண்ணச் சொல்லிட்டு போங்க.

போட்டு ஒரு மாசம் ஆச்சு, எந்த பதிலும் இல்ல, யார்கிட்ட கேக்கறது?

கிளைம் முடிக்க அவங்களே வெச்சிருக்கற கெடு 20 நாள். அதைத் தாண்டினா epfigms.gov.in ல யூஏஎன் போட்டு புகார் பதியுங்க, டிரான்ஸ்ஃபர் நம்பரையும் பாஸ்புக் காப்பியையும் இணைச்சுடுங்க. புகாரை "என் பணம் வரலை"ன்னு ஒரு வரில எழுதாதீங்க. எந்த மெம்பர் ஐடிலருந்து எந்த மெம்பர் ஐடிக்கு, எந்த தேதில போட்டது, எவ்வளவு வரணும், எவ்வளவு வந்திருக்குன்னு எழுதினா பதிலும் அந்த அளவுக்கு தெளிவா வருது. ரிஜெக்ட் ஆனா காரணம்னு ஒரு வரி இருக்கும், அதுல இருக்கற தப்பை மட்டும் சரி பண்ணாம பேர், பிறந்த தேதி, ரெண்டு கம்பெனியோட சேர்ந்த தேதி வெளியேறின தேதி எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துட்டு மறுபடி போடுங்க, ஏன்னா அவங்க ஒரு தடவைக்கு ஒரு தப்பைத்தான் சொல்லுவாங்க, அடுத்ததை அடுத்த ரிஜெக்ட்லதான் சொல்லுவாங்க.